லேடிஸ் சீட் காற்றுக்கும் நான்கு ரோட்டு இரைச்சலுக்கும் ஏற்ற மைக் எது?

சேலத்திலிருந்து காணொளி எடுப்பவர்களுக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்குள் இரண்டு நேரெதிரான களங்கள் கிடைக்கின்றன. கீழே நான்கு ரோட்டிலும் செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவிலும் பேருந்து ஹாரனும் கூட்டத்தின் பேச்சும் சேர்ந்து குரலை விழுங்குகின்றன. மேலே ஏற்காட்டில் அந்த இரைச்சல் எதுவும் இல்லை. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று ஒன்றே மொத்தப் பதிவையும் கெடுத்துவிடும். இந்த இரண்டு இடங்களுக்கும் ஒயர்லெஸ் கிளிப் மைக் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் மைக் நல்லது என்றே கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: மைக்கை உடம்பில் எங்கே வைப்பது, அதன்மேல் எந்த உறையைப் போடுவது.

இன்று கிடைக்கும் பெரும்பாலான செட்டுகளில் சட்டையில் மாட்டும் சிறிய டிரான்ஸ்மிட்டர் இரண்டும், போனிலோ கேமராவிலோ செருகும் ரிசீவர் ஒன்றும் இருக்கும். டிரான்ஸ்மிட்டரின் உள்ளேயே மைக் இருப்பதால் அதை அப்படியே நெஞ்சில் மாட்டிப் பேசலாம். இது முதல் வழி. டிரான்ஸ்மிட்டரைப் பையில் போட்டுவிட்டு, அதில் ஒயருடன் கூடிய காலர் மைக்கைச் செருகிக் கழுத்தருகே மாட்டுவது இரண்டாவது வழி. இதற்கு அந்த டிரான்ஸ்மிட்டரில் காலர் மைக் செருகும் துளை இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரை ஒரு கைப்பிடியின் தலையில் பொருத்தி, செய்தியாளர்கள் நீட்டும் மைக்கைப் போல வாயருகே பிடிப்பது மூன்றாவது. ஒரே செட்டைக் கொண்டு மூன்றையும் செய்ய முடியும் என்பதால், எந்த இடத்தில் எந்த வழி என்பதே இங்கே நாம் ஒப்பிட வேண்டியது.

முதலில் காற்றைப் பற்றி. காற்று மைக்கின் துளையைக் கடக்கும்போது அதன் விளிம்புகளில் மோதிச் சுழல்கிறது. அந்தச் சுழல் உண்டாக்கும் அழுத்த மாற்றத்தை, அதுவும் ஒரு ஒலிதான் என்று எண்ணி மைக் பதிவு செய்கிறது. நாம் கேட்கும் ‘புடுபுடு’ சத்தம் பெரும்பாலும் மைக்கின் வாசலிலேயே பிறக்கிறது. காற்று எங்கோ எழுப்பும் ஓசை அல்ல அது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இந்த அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது, அதாவது சுமார் 12 டெசிபெல் கூடுகிறது. இதைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. காற்று பாதியாகக் குறையும் ஒரு மறைவைத் தேடி நின்றால், ஒரு ரூபாய் செலவில்லாமல் அந்த 12 டெசிபெலை நாம் திரும்பப் பெறுகிறோம்.

உறைகளில் இரண்டு வகை உண்டு. ஸ்பாஞ்ச் உறை மூச்சுக்காற்றையும், ‘ப’ போன்ற ஒலிகள் எழுப்பும் அடியையும், நடக்கும்போது முகத்தில் படும் மெல்லிய காற்றையும் தடுக்கும். அதற்கு மேல் அதனால் முடியாது. ‘டெட் கேட்’ என்று கடைகளில் கேட்டால் தரும் ரோம உறை வேறு விதமாக வேலை செய்கிறது. நீண்ட இழைகள் காற்றின் வேகத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுவதால், உள்ளே மைக்கைச் சுற்றி அசையாத காற்று கொஞ்சம் தங்குகிறது. ஒலி அலை மட்டும் இழைகளின் ஊடே எளிதாகப் புகுந்து செல்கிறது. அந்த அசையாக் காற்றின் அளவு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் பாதுகாப்பும் கூடும். இதனால்தான் பத்து கிராம் எடையுள்ள மிகச் சிறிய டிரான்ஸ்மிட்டரோடு வரும் பொட்டுப் போன்ற ரோம உறை தெருவுக்குப் போதுமானதாக இருந்தும் மலை விளிம்பில் தோற்றுப்போகிறது. சட்டையில் தெரியாமல் இருக்க வேண்டும் என்ற விருப்பமும் காற்றைத் தடுக்க வேண்டும் என்ற தேவையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஏற்காட்டுக்கு அடிக்கடி போகிறவர் பெரிய உறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் ஆடி மாதத்தில் லேடிஸ் சீட்டில் நடந்த பதிவை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். காப்பித் தோட்டத்தில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மலைப்பாதை கீழே வளைந்து வளைந்து தெரியும் விளிம்பில் நின்று பேசச் சம்மதித்தார். லேடிஸ் சீட் மலையின் தென்மேற்கு ஓரத்தில் இருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று சரிவில் ஏறி வந்து நேராக அங்கேதான் மோதுகிறது. முதல் முயற்சியில் டிரான்ஸ்மிட்டரை ஸ்பாஞ்ச் உறையோடு அவருடைய சட்டைப் பொத்தானுக்கு நடுவே மாட்டியிருந்தேன். அவர் பேசும்போது ஒலி அளவுமானி −12 டெசிபெல் அருகே நின்றது. ஆனால் அவர் பேசாத நொடிகளிலும் காற்று வீசும்போதெல்லாம் முள் பூஜ்ஜியத்தைத் தொட்டுச் சிவப்பானது. ஹெட்போனில் பேச்சு துண்டு துண்டாகத்தான் கேட்டது.

ரோம உறையை மாட்டியதும் சிவப்பு நின்றது. ஆனாலும் ஒவ்வொரு வீச்சுக்கும் அடியில் ஒரு தாழ்ந்த உறுமல் இருந்தது. “ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க” என்று கேட்டுக்கொண்டு, அவருடைய முதுகு காற்றை நோக்கும்படி சற்றுச் சாய்வாக நிற்க வைத்தேன். உடம்பே தடுப்பாக அமைந்து உறுமல் குறைந்தது. முதுகைச் சரியாகக் காற்றுக்கு நேராகக் காட்டினால், உடம்பின் இருபுறமும் வழிந்து வரும் காற்று நெஞ்சுக்கு முன்னால் மீண்டும் சுழலும். ஆகவே இடமாகவோ வலமாகவோ கொஞ்சம் திருப்பி, ஹெட்போனில் கேட்டபடியே நல்ல கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக நாங்கள் செய்ததுதான் எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. விளிம்பை விட்டு ஏழெட்டு அடி உள்ளே வந்து, ஒரு சுவரின் மறைவில் அவரை நிறுத்தினோம். பின்னணியில் பள்ளத்தாக்கு கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. குரல் முழுதாகக் கிடைத்தது.

இதே காரணத்தால், அந்த மாதங்களில் பேட்டிகளை மலையின் கிழக்குப் பக்கம் இருக்கும் பகோடா பாயின்ட்டில் வைத்துக்கொள்வதை நான் விரும்புகிறேன். தென்மேற்குக் காற்றுக்கு மலையே மறைவாக நிற்பதால் அங்கே பெரும்பாலும் அமைதி கூடுதலாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிவிடும். காட்சிக்காக விளிம்பில்தான் நிற்க வேண்டும் என்றால், அங்கே பேச்சில்லாத காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பேச்சை மறைவில் பதிவு செய்யலாம்.

மலையில் மூன்று வழிகளில் எது சிறந்தது? பெரிய ரோம உறையுடன் நெஞ்சில் மாட்டிய டிரான்ஸ்மிட்டரையே நான் முதலிடத்தில் வைக்கிறேன். அதிலுள்ள மைக் பெரும்பாலும் எல்லாத் திசையிலிருந்தும் சமமாகக் கேட்கும் வகையைச் சேர்ந்தது. கேமராமேல் வைக்கும், ஒரு திசையை மட்டும் கேட்கும் மைக்குகளைவிட இந்த வகை இயல்பாகவே காற்றுக்குக் குறைவாக அதிரும். மோவாய்க்குக் கீழே ஒரு சாண் அளவில் மாட்டினால் குரலும் தெளிவாக இருக்கும். ஒயர் காலர் மைக்கைச் சட்டைக்குள் மறைத்தால் துணியே காற்றைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே வேறொரு தொல்லை பிறக்கிறது. காற்றில் படபடக்கும் துணி மைக்கின்மேல் உரசி ‘சரசர’ என்ற உயர்ந்த ஒலியை எழுப்பும். நைலான், பட்டு, மொடமொடப்பாகக் கஞ்சி போட்ட பருத்தி ஆகியவற்றில் இது மிக மோசம். காற்றின் உறுமலையாவது ஓரளவு வடிகட்டலாம்; பேச்சின் மெய்யொலிகள் வாழும் அதே அலைவரிசையில் வரும் இந்த உரசலைப் பேச்சைக் கெடுக்காமல் நீக்க வழியில்லை.

சேலை கட்டிய பெண்களைப் பேட்டி எடுக்கும்போது எடையையும் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 30 கிராம் எடையுள்ள டிரான்ஸ்மிட்டர் மெல்லிய சேலை மடிப்பை இழுத்துச் சாய்ந்து, மைக் துணிக்குள் திரும்பிவிடும். அங்கே காந்தம் வைத்த பிடிப்போ, எடை குறைந்த டிரான்ஸ்மிட்டரோ உதவும். காந்தப் பிடிப்பை மாட்டுவதற்கு முன், “நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா?” என்று பெரியவர்களிடம் கேட்டுவிட வேண்டும். வைத்திருந்தால் காந்தத்தை அவர்கள் நெஞ்சருகே கொண்டு போகவே கூடாது. அந்தக் கருவியின் செயல்பாட்டைக் காந்தம் மாற்றிவிடக்கூடும்.

இனி கீழே இறங்குவோம். நான்கு ரோட்டருகே ஒரு தட்டுவடை செட் கடையின் முன் நின்று, வருவோர் போவோரிடம் கருத்துக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். இங்கே பகை காற்றன்று, சுற்றுப்புற இரைச்சல். இரைச்சலை வெல்ல வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பதைப் போன்ற வழி வேறில்லை. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடும். பேருந்தின் சத்தமோ அப்படியே இருக்கும். நெஞ்சில் மாட்டிய மைக் வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கிறது, கையில் பிடித்த மைக் 8 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று கொண்டால், கைப்பிடி நமக்கு ஏறத்தாழ 8 டெசிபெல் தருகிறது. ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் போனின் சொந்த மைக்கோடு ஒப்பிட்டால் நெஞ்சு மைக்கே 14 டெசிபெல் முன்னால் நிற்கிறது. ஆகவே கிளிப் மைக் ஒன்றும் வீணில்லை. ஆனால் தெருவில் கைப்பிடி அதைவிடத் தெளிவாக வெல்கிறது.

டெசிபெல் கணக்கைவிடவும் எனக்குப் பெரிதாகப் படுவது மனிதர்களின் சங்கடம். முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்தி, “அக்கா, இதைக் கொஞ்சம் சேலையில மாட்டிக்கிறீங்களா?” என்று கேட்ட கணமே பாதிப் பேர் விலகிப் போய்விடுவார்கள். சம்மதிப்பவர்களும் மாட்டி, சரிபார்த்து முடிப்பதற்குள் பேச வந்ததை மறந்துவிடுவார்கள். கையில் பிடித்த மைக்கை நீட்டினால் அந்தத் தயக்கம் இல்லை. யார் பேச வேண்டும் என்பதும் சொல்லாமலே விளங்கும். ஆனால் ஒரே மைக்கைக் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையே மாற்றி மாற்றி நீட்டினால் ஒவ்வொரு பதிலின் முதல் சொல்லும் தொலைந்துபோகும். இதற்கு நான் கண்ட தீர்வு, ஒரு டிரான்ஸ்மிட்டரைப் பேட்டி எடுப்பவர் தன் நெஞ்சில் மாட்டிக்கொள்வது, மற்றொன்றைக் கைப்பிடியில் பொருத்திப் பேசுபவர் வாயருகே மட்டும் வைத்திருப்பது. ரிசீவரில் இரண்டு குரலும் தனித்தனித் தடங்களில் பதியும்படி அமைத்துவிட்டால், பிறகு ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்கலாம். கைப்பிடியை உதட்டுக்கு நேராக வைக்காமல் வாயின் ஓரத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் மூச்சுக்காற்று மைக்கில் மோதாது.

ரேடியோ தொடர்பிலும் மலையும் தெருவும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. இந்த செட்டுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபையும் புளூடூத்தும் இருப்பது அதே இடத்தில்தான். புதிய பேருந்து நிலையத்தில் நூற்றுக்கணக்கான போன்களுக்கு நடுவே நிற்கும்போது நெரிசலால் ஒலி அறுபடுவதில் வியப்பில்லை. திறந்த மலை உச்சியில் அந்த நெரிசல் இல்லை என்றாலும் அங்கே ஒரு பொறி உண்டு. நம் உடம்பில் பெரும்பகுதி நீர். அது இந்த அலையை நன்றாக விழுங்கிவிடும். தெருவில் உடம்பு மறைத்தாலும் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் அலை ரிசீவரை அடைந்துவிடும். மலை விளிம்பில் திருப்பி அனுப்ப எதுவும் இல்லாததால், பேசுபவர் கேமராவுக்கு முதுகைக் காட்டியவுடன் தொடர்பு அறுந்துபோகும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம், இடையில் எதுவும் மறைக்காதபோது கிடைக்கும் தூரம்தான். நடந்துகொண்டே காட்சியைக் காட்டும் வ்லாக் எடுப்பவர்கள், டிரான்ஸ்மிட்டரின் உள்ளேயே பதிவு செய்யும் வசதி உள்ள செட்டை வாங்குவதே நல்லது. தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிவிட்டால், உள்பதிவைக் காட்சியோடு பிறகு எளிதாகப் பொருத்திக்கொள்ளலாம்.

பதிவு கெட்டிருந்தால் காரணத்தைக் காதாலேயே பிரித்தறியலாம். தாழ்ந்த ‘புடுபுடு’ என்றால் காற்று. எடிட்டிங் செயலியில் பார்த்தால் அகலமான மேடுகளாகத் தெரியும். உடல் அசையும்போது மட்டும் ‘சரசர’ என்றால் துணி. நடுவே திடீரென்று வெற்றிடமோ ‘டிக்’ என்ற வெட்டோ வந்தால் ரேடியோ அறுந்திருக்கிறது. காற்றாக இருந்தால், 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டியைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்குரலின் அடிநாதமே அந்த எல்லைக்கு அருகில் தொடங்குவதால், அதற்கு மேல் வெட்ட வெட்டக் குரல் மெலிந்து தகரம்போல் ஒலிக்கும். வடிகட்டிய பிறகும் ஒலி கரகரத்தால், மேடுகளின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருக்கும். காற்றின் அழுத்தம் மைக்கின் தாங்குதிறனைத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியில் குரல் பதியவே இல்லை. எந்தச் செயலியாலும் அதை மீட்க முடியாது.

விலை கூடிய செட்டுகளில் சொல்லப்படும் 32 பிட் ஃப்ளோட் பதிவைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு தெளிவு வேண்டும். ஒருவர் திடீரென்று உரக்கச் சிரித்தாலோ ஹாரன் அலறினாலோ பதிவின் அளவு மீறுவதிலிருந்து அது காப்பாற்றும். ஆனால் மைக்கே திணறிப்போன காற்றிலிருந்து அது காப்பாற்றாது. ரோம உறை செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். டிரான்ஸ்மிட்டரில் உள்ள ‘நாய்ஸ் கேன்சல்’ பொத்தானையும் நான் அணைத்தே வைக்கிறேன். சீரான மின்விசிறி ஓசையை அது நன்றாகக் குறைக்கும்; ஏறி இறங்கும் காற்றையும் கடைத்தெருப் பேச்சையும் குறைக்க முயலும்போது குரலின் ஓரங்களையும் சேர்த்துக் கடித்துவிடுகிறது. பதிவுக்குப் பின் செயலியில் அதே வேலையைச் செய்தால், அளவு மிஞ்சியதும் திரும்பி வரலாம். பதிவின்போதே செய்தால் திரும்ப வழியில்லை.

இணைப்பில் ஏற்படும் ஒரு தவறு என்னிடமிருந்து ஒரு முழுப் பேட்டியையே பறித்திருக்கிறது. 3.5 மில்லிமீட்டர் பின்களில் கேமராவுக்கானது இரண்டு கறுப்பு வளையங்களோடும், போனுக்கானது மூன்று வளையங்களோடும் இருக்கும். கேமரா ஒயரை அப்படியே போனில் செருகினேன். போன் அதைப் பொருட்படுத்தாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருந்தது. ரிசீவரின் விளக்கும் அளவுமானியும் சரியாகவே ஆடியதால், வீட்டுக்கு வந்து கேட்கும்வரை தெரியவில்லை. டைப்-சி வழியாகச் செருகும் ரிசீவரிலும், போனின் கேமரா செயலி வெளி மைக்கை ஏற்காவிட்டால் இதே கதைதான். இப்போது ஒவ்வொரு முறையும் பத்து நொடி பதிவு செய்து, அதற்குள் டிரான்ஸ்மிட்டரை நகத்தால் மெல்லச் சுரண்டி, பிறகு போனின் அடிப்பகுதியையும் சுரண்டிக் கேட்டுப் பார்க்கிறேன். எந்தச் சுரண்டல் உரக்கக் கேட்கிறதோ அந்த மைக்தான் வேலை செய்கிறது.

ஆகவே வாங்கும் முடிவை நான் இப்படி எடுப்பேன். கடைத்தெருப் பேட்டிகள் மட்டுமே எடுப்பவருக்கு, உள்பதிவு இல்லாத எளிய இரட்டை டிரான்ஸ்மிட்டர் செட்டும் ஒரு கைப்பிடியும் போதும். ஏற்காட்டில் நடந்தபடி வ்லாக் எடுப்பவர் உள்பதிவையும் பெரிய ரோம உறையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதற்காக 32 பிட்டை விட்டுக்கொடுக்கலாம். சுவர் மறைவில் ஓரிடத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பேசும் பதிவுக்கு ஒயர்லெஸ்ஸே தேவையில்லை. ஆறு மீட்டர் ஒயருள்ள சாதாரணக் காலர் மைக்கும் ஒரு சின்ன ரோம உறையும் மிகக் குறைந்த செலவில் நிறைவான ஒலியைத் தரும். ஆயிரம் ரூபாய்க்கு உள்ளே கிடைக்கும் கிளிப் மைக்குகளைப் பொறுத்தவரை, அவற்றில் ரோம உறை உறுதியாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். வெறுமனே செருகி வைக்கும் உறை லேடிஸ் சீட்டில் ஒரே வீச்சில் பள்ளத்தாக்குக்குள் போய்விடும். அப்படிப்பட்டதைக் கிளிப்போடு சேர்த்துக் கறுப்பு நூலால் கட்டிக்கொள்வது நல்லது.

உதிரியாக இரண்டு ரோம உறைகள் பையில் இருக்கட்டும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் இழைகள் நனைந்து ஒட்டிக்கொண்டால் காற்றைத் தடுக்கும் திறன் போய்விடும், குரலும் மந்தமாகும். நனைந்ததைக் கழற்றி உதறி, நிழலில் உலர்த்தி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இழைகளைப் பிரித்துவிட்டால் மறுநாள் பழையபடி நிமிர்ந்து நிற்கும்.